மதுவை நிறுத்தி நான்கு மாதம் கடந்தும் தூக்கமும் மனமும் சீராகவில்லை: எதை எதிர்பார்க்கலாம்?

தாமரைக்குளம்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 46. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்துவந்தவர், மருத்துவமனையில் சேர்ந்து மதுவை நிறுத்தி இப்போது நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. முதல் வாரத்தில் இருந்த கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அங்கேயே மருந்துகளால் அடங்கின. வலிப்பு எதுவும் வரவில்லை. இரண்டாம் மாதம் அவர் பழைய மனிதராகவே திரும்பிவிட்டார் என்று நினைத்தோம். மூன்றாம் மாத இறுதியிலிருந்து நிலைமை மீண்டும் சரியத் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்கிறார். பகலில் சிறு சத்தத்துக்கும் எரிச்சல் வருகிறது, எதிலும் ருசி இல்லை என்கிறார், படித்த பக்கத்தையே மறுபடி படிக்கிறார். குடிப்பதுபோலக் கனவு கண்டு அலறியடித்து எழுவதும் உண்டு. "குடித்த காலத்திலாவது தூங்கினேன்" என்று அவர் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. இது எத்தனை மாதம் நீடிக்கும், எது இயல்பு, எதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனித்துளி

சகோதரி, மதுவை நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து காத்திருக்காமல் இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தாமரைக்குளம்

அக்கறைக்கு நன்றி. அந்தக் கட்டத்தை மருத்துவமனையிலேயே கடந்துவிட்டோம். நான் கேட்பது நான்கு மாதங்களுக்குப் பிறகு வந்திருக்கும் நிலையைப் பற்றி.

பழைய படகோட்டி

தங்கையே, நான் மதுவை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் எங்கள் வீட்டில் நடந்ததுதான். எனக்கும் முதல் ஆண்டு முழுவதும் தூக்கம் ஒழுங்காக இல்லை. நல்ல நாள்கள் சில வரும், பிறகு காரணமே இல்லாமல் ஒரு வாரம் இருண்டுபோகும். அந்த இருண்ட வாரங்களுக்கு இடையிலான தூரம் மெல்ல மெல்ல அதிகரித்தது. மூளை இத்தனை ஆண்டுகள் மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றி வைத்திருந்தது, அது திரும்பிவரக் காலம் எடுக்கும். ஆகவே இது மதுவை நிறுத்தியபின் உடலும் மனமும் மாதக்கணக்கில் காட்டும் நீடித்த விலகல் அறிகுறிதான், வேறு ஒன்றுமில்லை. பொறுமையாக இருந்தால் போதும். மிகவும் தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு ஒரு சிறிய தூக்க மாத்திரை வாங்கி இரவில் கொடுங்கள். குடிக்கும் கனவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எனக்கு இன்றும் எப்போதாவது வருகிறது.

வானதி

நான் போதை மீட்புப் பிரிவில் மனநலச் செவிலியாக நீண்டகாலம் பணியாற்றி வருகிறேன். படகோட்டி ஐயா சொன்னதில் பெரும்பகுதி உண்மை, ஆனால் இரண்டு இடங்களில் நான் மாறுபடுகிறேன்.

முதலில் அவர் சரியாகச் சொன்னது. மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால், மூளை எதிர்த்திசையில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மதுவை எடுத்துவிட்ட பிறகு அந்த எதிர்த்திசைச் சரிக்கட்டல் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் கடுமையான பகுதி ஒரு வாரத்தில் அடங்குகிறது. ஆனால் தூக்கத்தையும், மன அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையையும், இன்பத்தை உணரும் திறனையும் இயக்கும் அமைப்புகள் மாதக்கணக்கில்தான் திரும்புகின்றன. தூக்கத்தைப் பொறுத்தவரை இது வெறும் புலம்பல் இல்லை. மின்முனைகளைப் பொருத்தித் தூக்கத்தைப் பதிவுசெய்த ஆய்வுகளில், ஆழ்ந்த தூக்கம் குறைந்திருப்பதும், உறங்கத் தாமதமாவதும், தூக்கம் துண்டுதுண்டாக உடைவதும் ஓராண்டைக் கடந்தும் சிலரிடம் காணப்பட்டிருக்கின்றன. கனவுத் தூக்கத்தை மது அடக்கி வைத்திருந்ததால் அது நிறுத்தத்துக்குப் பிறகு அழுத்தமாகத் திரும்புகிறது; அந்தத் தெளிவான கனவுகளுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கனவு வந்தால் மனம் ரகசியமாக மதுவை நாடுகிறது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இனி நான் மாறுபடும் இடங்கள். "வேறு ஒன்றுமில்லை" என்ற சொல்லை நான்காம் மாதத்தில் யாரும் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. மது உண்டாக்கும் மனச்சோர்வு பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு வாரங்களில் நன்றாகவே தணிந்துவிடும். இரண்டாம் மாதம் தெளிவாக இருந்த ஒருவருக்கு நான்காம் மாதம் எதிலும் ருசி இல்லை என்றால், அது தனியாக மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் காத்திருந்து கழிப்பது துன்பத்தை நீட்டுவது மட்டுமே. இரண்டாவது, தூக்க மாத்திரை. டயசெபாம், குளோனசெபாம் வகையும், சோல்பிடெம் போன்றவையும் மது வேலை செய்த அதே காபா இடத்தில்தான் வேலை செய்கின்றன. மதுவுக்கு அடிமையாகியிருந்தவருக்கு மீட்புக் காலத்தில் அவற்றைத் தொடர்ந்து கொடுப்பதை நாங்கள் தவிர்க்கிறோம். சார்பு இடம் மாறிவிடும், மது திரும்பினால் இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கும்.

தாமரைக்குளம் அம்மாவிடம் நான்கு கேள்விகள். மூன்றாம் மாத இறுதியில் என்ன மாறியது, ஏதேனும் மருந்து நின்றதா? அவர் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார், பகலில் தூங்குகிறாரா? குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா? வாழ வேண்டாம் என்ற பேச்சு எப்போதேனும் வந்ததா? கடைசிக் கேள்வியை அவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

கேள்விக்குறி

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த "நீடித்த விலகல் நிலை" என்பது மனநலத்துறை பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 வகைப்பாட்டிலோ ஐசிடி-11 இலோ தனி நோயறிதலாக இல்லை. தூக்கமின்மை, எரிச்சல், கவனச்சிதறல் ஆகியவை குடிக்காதவர்களுக்கும் வருகின்றன. குடியை நிறுத்தியவரின் வாழ்க்கையில் கடன், உடைந்த உறவுகள், குற்றவுணர்வு எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு வருகின்றன; அப்போது எரிச்சல் வராமல் இருந்தால்தான் வியப்பு. எல்லாவற்றையும் இந்தப் பெயருக்குள் போட்டு மூடினால், யாரும் எதையும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

பழைய படகோட்டி

பெயர் புத்தகத்தில் இல்லை என்பதற்காக நான் பட்டது பொய்யாகிவிடுமா? அந்தப் பெயரை எங்கள் ஆதரவுக் குழுவில் முதன்முறை கேட்டபோதுதான், நான் பைத்தியமாகவில்லை, இது கடந்துபோகும் ஒன்று என்று எனக்கு உறுதி வந்தது. அந்த உறுதி இல்லாமல் பலர் மீண்டும் புட்டியைத் தொட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வானதி

இருவரும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அறிகுறிகள் உண்மை; அவற்றில் எவ்வளவு பழைய மதுவின் எச்சம், எவ்வளவு இன்றைய வாழ்க்கை, எவ்வளவு தனி நோய் என்பது ஒவ்வொருவரிடமும் வேறுபடுகிறது. வேறு எதுவும் இல்லை என்று தேடிப் பார்த்த பிறகு வைக்க வேண்டிய பெயர் இது.

நடுநிசி

எனக்கு மது இல்லை, மாத்திரை. பதற்றத்துக்காகக் குளோனசெபாம் பல ஆண்டுகள் எடுத்தேன். மூன்றே வாரங்களில் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள். ஏழு மாதங்கள் ஆகின்றன. காதுக்குள் இரைச்சல், உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, தூக்கத்தில் விழும்போதே உடல் தூக்கிப்போடுவது எல்லாம் இருக்கின்றன. சில வாரங்கள் முழுக்கத் தெளிவாக இருக்கும், பிறகு அனைத்தும் மொத்தமாகத் திரும்பும். மேலே சொன்னவை எனக்கும் பொருந்துமா? மாத்திரையை மறுபடி தொடங்கிவிடலாமா என்று தினமும் யோசிக்கிறேன்.

வானதி

அடிப்படை இயக்கம் ஒன்றுதான், போக்கு சற்று வேறு. நீங்கள் சொல்லும் காது இரைச்சலும் ஊசி குத்தலும் மதுவைவிட இந்த மாத்திரைகளை நிறுத்தியவர்களிடம் அதிகம் கேட்கப்படுபவை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இம்மாத்திரைகளை நிறுத்த உதவும் சிகிச்சையகத்தை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், நீண்டகாலம் எடுத்தவர்களில் சுமார் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் மாதக்கணக்கில் நீளலாம் என்று மதிப்பிட்டார். அலை அலையாக வருவதும் இடையில் தெளிவான நாள்கள் இருப்பதும் அவர் விரிவாக எழுதிய ஒன்று. அவர் வகுத்த படிப்படியான குறைப்பு முறையும் இன்று மருத்துவர்கள் பின்பற்றுவதும் பொதுவாக மாதங்களை எடுத்துக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதிருக்கும் அளவில் 5 முதல் 10 விழுக்காடு என்பது வழக்கமான தொடக்கம். பல ஆண்டுப் பழக்கத்துக்கு மூன்று வாரம் மிகக் குறைவு.

ஏழு மாதங்களுக்குப் பிறகு மறுபடி தொடங்குவது பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நிறுத்திய சில வாரங்களுக்குள் மறுபடி தொடங்கி மெதுவாகக் குறைப்பது பலருக்கு உதவியிருக்கிறது. நாள் செல்லச் செல்ல அது உதவும் வாய்ப்பு உறுதியற்றதாகிறது. ஆகவே நீங்களாகப் பழைய மாத்திரையை எடுக்காதீர்கள், இந்த மாத்திரைகளைக் குறைப்பதில் அனுபவமுள்ள மனநல மருத்துவரைப் பாருங்கள். காது இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தால் அதைக் காது மருத்துவரிடமும் காட்டுங்கள். அதை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

தாமரைக்குளம்

வானதி சகோதரிக்கு, கேட்டவற்றுக்கான பதில்கள். மருத்துவமனையில் அகாம்புரோசேட் என்ற மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மூன்றாம் மாதத்தில் அவராக நிறுத்திவிட்டார். அதை எனக்கு நேற்றுத்தான் சொன்னார். மாலை நேரம்தான் அவர் குடிக்கும் நேரம் என்பதால், அதைக் கடத்திவிட இரவு எட்டரைக்கே படுத்துவிடுகிறார். உறங்கப் பத்தரை ஆகிவிடும். இரண்டு மணிக்கு விழிப்பார், நான்குக்கு மேல் கொஞ்சம் கண்ணயர்ந்து ஆறு மணிக்கு எழுவார். மதிய உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம். குறட்டை பலமாக உண்டு. மல்லாந்து படுத்தால் சில வேளை மூச்சு நின்று திணறி எழுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசிக் கேள்வியை நடுங்கிக்கொண்டே கேட்டேன். "இருந்து என்ன பயன் என்று சில இரவுகளில் தோன்றுகிறது, ஆனால் எதுவும் செய்துகொள்ள நினைத்ததில்லை" என்றார்.

வானதி

கேட்டது மிக நல்லது. இந்தப் பதிலுக்காகவே இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணம் திட்டமாக மாறுவதுபோல ஏதாவது தெரிந்தால் அன்றே, அந்த நேரமே. வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றில் எனக்கு ஒரு கதை தெரிகிறது. அகாம்புரோசேட் அந்தக் குளூட்டமேட் பக்கத்தைச் சமப்படுத்தும் மருந்து. தூக்கம் உடைவதைச் சற்றுக் குறைப்பதாகவும் ஆய்வு உண்டு. பொதுவாக ஆறு மாதமோ ஓராண்டோ தொடர்வார்கள். அதை நிறுத்தியதும் சரிவும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. அதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுவே. மறுபடி தொடங்கும் முன் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்ப்பார்கள்.

திணறல் குறட்டையைத் தூக்கப் பரிசோதனை செய்துதான் அறிய வேண்டும். நீண்டகாலம் குடித்தவர்களிடம் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் அதிகம்; மூச்சு நின்று எழுபவருக்கு எத்தனை மாதம் மூளை ஆறினாலும் தூக்கம் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்க மாத்திரை கொடுப்பது இன்னும் ஆபத்து.

மூன்றாவது படுக்கை நேரம். எட்டரையிலிருந்து ஆறு வரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறார். தூங்குவது மூன்றரையும் இரண்டுமாக ஐந்தரை மணி நேரம். மதியத் தூக்கம் இரவுக்கான பசியைத் தீர்த்துவிடுகிறது. மூளை ஆறுவது நம் கையில் இல்லை, இந்தக் கணக்கு நம் கையில் இருக்கிறது. பரிசோதனை முடியும்வரை எழும் நேரத்தை மட்டும் ஆறு மணியென்று நிலையாக வையுங்கள், மதியத் தூக்கத்தை நிறுத்துங்கள், எட்டரைக்குப் படுப்பதற்குப் பதிலாக அந்த நேரத்துக்கு வேறொரு வேலையும் துணையும் ஏற்பாடு செய்யுங்கள். நாள்தோறும் படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றைத் தோராயமாக எழுதிவைக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம்.

"குடித்தபோது தூங்கினேன்" என்பதற்கும் ஒரு பதில். மது சீக்கிரம் உறங்க வைக்கும், இரவின் முற்பாதியை ஆழமாக்கும், பிற்பாதியை உடைத்துவிடும். இப்போது ஒரு முறை குடித்தால் அன்று தூங்குவார். ஆனால் மறுபடி நிறுத்தும்போது விலகல் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். முன்பு வலிப்பு வராதவருக்கும் அப்போது வரலாம்.

பழைய படகோட்டி

மதியம் தூங்கக் கூடாது என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு சந்தேகம்: சோர்ந்துபோன மனிதரை மேலும் தூங்கவிடாமல் செய்தால் அவர் மதுவைத் தேட மாட்டாரா? தூக்கத்துக்காகக் கொடுக்கும் டிராசோடோன் மாத்திரை பழக்கமாகாது என்று எங்கள் குழுவில் பலர் எடுக்கிறார்கள், அதையாவது கேட்கலாமே?

வானதி

ஐயாவின் அச்சம் நியாயமானது. அதனால்தான், படுக்கையில் இருக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு ஏற்பச் சுருக்கும்போதும், அதை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை. வலிப்பு வந்தவர்களுக்கும், மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிச் செல்பவர்களுக்கும் இந்த முறையைத் தவிர்க்கிறோம் அல்லது மிக மெதுவாகச் செய்கிறோம். டிராசோடோன் பற்றி 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மதுவை நிறுத்தியவர்களுக்கு எடுத்த காலத்தில் தூக்கம் மேம்பட்டது. ஆனால் குடிக்காத நாள்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே முன்னேறின. ஒரே ஆய்வு என்பதால் அதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள மாட்டேன், ஆனால் முதல் தேர்வாகவும் கொள்ள மாட்டேன். படுக்கை நேரத்தை மாற்றும் இந்த நடத்தை முறையில் தூக்கம் மேம்படுவது உறுதியாகத் தெரிகிறது. அதனால் மது திரும்புவதும் குறைகிறதா என்பது இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை.

தாமரைக்குளம்

ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். மனநல மருத்துவர் இதை மனச்சோர்வு என்றே கருதி அதற்கான மருந்தைத் தொடங்கினார், அகாம்புரோசேட்டும் திரும்பத் தொடங்கியது. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 9 முறை மூச்சுத் தடை, அதுவும் மல்லாந்து படுக்கும்போது. லேசானது என்று சொல்லி, ஒருக்களித்துப் படுக்கப் பழக்கினார்கள். பிறகு மருத்துவரின் சம்மதத்துடன் படுக்கை நேரத்தை இரவு 12 முதல் காலை 6 வரை என்று வைத்தோம்.

முதல் வாரம் மிகக் கடினம். பகலில் தள்ளாடினார், வண்டி ஓட்ட விடவில்லை. பன்னிரண்டு மணிவரை விழித்திருக்க நானும் உடன் அமர்ந்தேன். வார இறுதியில் ஆறு மணி நேரத்தில் ஐந்தேகால் மணி தூங்கியிருந்தார், அதாவது 87.5 விழுக்காடு. 85ஐக் கடந்தால் கால் மணி கூட்டலாம் என்றதால் பதினொன்றே முக்காலுக்குப் படுத்தார். அடுத்த வாரமும் 85ஐக் கடந்தது, பதினொன்றரை ஆயிற்று. மூன்றாம் வாரம் உறவினர் வீட்டுச் சச்சரவு, இரண்டு மதியத் தூக்கம்; ஆறரை மணி நேரத்தில் ஐந்து மணியாகச் சரிந்தது. 80க்குக் கீழே போனதால் கால் மணி குறைத்தோம். பிறகு மீண்டும் படிப்படியாகக் கூட்டி, இப்போது பதினொன்றேகாலுக்குப் படுத்து, ஒரே ஒரு முறை விழித்து, ஆறு மணி நேரம் தூங்குகிறார். இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் எழுந்து வெளி அறையில் அமர்கிறார். எரிச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது. "இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் சில வாரங்களாக வரவில்லை என்கிறார். ஆனால் ருசி இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை, படிப்பதில் கவனமும் பாதிதான்.

கேள்விக்குறி

மகிழ்ச்சி. ஆனால் மருந்து, மூச்சு, படுக்கை நேரம் என மூன்றையும் ஒரே காலத்தில் மாற்றியிருக்கிறீர்கள், மாதங்களும் கடந்திருக்கின்றன. எது உதவியது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தாமரைக்குளம்

உண்மைதான் ஐயா. பிரித்தறியக் காத்திருக்கும் நிலையில் நாங்கள் அன்று இல்லை.

வானதி

கவனமும் ருசியும் தூக்கத்தைவிடப் பின்தங்கியே வருகின்றன. ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் அவை நகர்வதை அதிகம் பார்த்திருக்கிறேன். இருண்ட வாரம் இனியும் வரும். வரும்போது மூன்றைப் பாருங்கள்: மதியத் தூக்கமும் சீக்கிரப் படுக்கையும் திரும்பினவா, மருந்து விடுபட்டதா, அந்த வாரம் முந்தைய இருண்ட வாரத்தைவிட நீளமா குறுகியதா. இரண்டு வாரம் கடந்தும் மேலெழாவிட்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாறுவது, புதிய குழப்பம் ஆகியவை எந்த மாதத்திலும் இந்தக் கணக்கில் சேராதவை. தயமின் என்ற வைட்டமினின் குறைபாடு உட்பட வேறு காரணங்களுக்காக அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நடுநிசி

நானும் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். மறுபடி தொடங்க வேண்டாம் என்றார். அடுத்தவர் தொடங்கலாம் என்றார். இதே குளோனசெபாமை நிறுத்தி ஓராண்டைக் கடந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், காது இரைச்சல் எப்போது குறையத் தொடங்கியது என்று எழுதுங்கள்.